வென்டிலேட்டர் நோயாளி, 3-ம் நாள்: கலோரி ஏறாமல் புரதத்தைக் கூட்டுவது எப்படி?

ஐசியூ டயட்டீஷியன்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் வழி சொல்லுங்கள். நோயாளி 60 கிலோ, நிமோனியா, வென்டிலேட்டரில் இன்று 3-ம் நாள். எங்களிடம் இன்டைரக்ட் கலோரிமெட்ரி கிடையாது, அதனால் கிலோவுக்கு 25 என்று 1500 கிலோகலோரி போட்டு, முதல் வாரம் என்பதால் அதில் 70 சதவீதம், அதாவது 1050-இல் நிறுத்தியிருக்கிறேன். உடம்பே உள்ளிருந்து சக்தியை எடுத்துவிடுகிற நாட்கள் இவை, முழுசாகக் கொடுத்தால் சர்க்கரையும் கார்பன் டை ஆக்சைடும்தான் ஏறும்.

சிக்கல் புரொபோஃபால். மணிக்கு 12 மில்லி ஓடுகிறது, மில்லிக்கு 1.1 கிலோகலோரி, நாளுக்குக் கிட்டத்தட்ட 317 (நேற்று இதைக் கணக்கில் சேர்க்க மறந்தே போனேன்). அதைக் கழித்தால், மில்லிக்கு 1 கிலோகலோரி உள்ள ஃபீடுக்கு மிஞ்சுவது 730 மில்லிதான், லிட்டருக்கு 40 கிராம் என்றால் புரதம் 29 கிராம். படிப்படியாக எட்ட நினைப்பது கிலோவுக்கு 1.3, அதாவது 78. பாக்கி 49 கிராமையும் புரோட்டீன் பவுடரில் கொடுத்தால் அதுவே 200 கிலோகலோரி, மொத்தம் 83 சதவீதத்துக்குப் போய்விடுகிறது.

கிரியாட்டினின் வேறு மெல்ல ஏறுகிறது, டயாலிசிஸ் இல்லை. பாஸ்பேட் லிட்டருக்கு 0.9 மில்லிமோல், இதுவரை சரி, 0.65-க்குக் கீழே போனால் ஃபீடைக் குறைப்பேன். நீங்களாக இருந்தால் இப்போதே பவுடர் முழுவதையும் சேர்ப்பீர்களா, இல்லை புரொபோஃபால் குறையும்வரை புரதத்தைக் கிலோவுக்கு 0.8-இல் வைத்திருப்பீர்களா?