டிலே மார்ஜின் 556 வினாடி என்று வந்தது, ஆனால் 10 வினாடியிலேயே லூப் ஆடுகிறது

பங்காருபாளையம்:
சித்தூர் பக்கம் மாம்பழக் கூழ் ஆலையில் வேலை பார்க்கிறேன். பெங்களூரா சீசன் ஓடிக்கொண்டிருக்கிறது. பாஸ்ச்சுரைசரில் நீராவி வால்வைத் திருப்புகிற டெம்பரேச்சர் லூப் முன்பு ஒழுங்காக இருந்தது. சென்சாரை ஹீட்டர் வாயிலிருந்து ஹோல்டிங் டியூப்பின் கடைசிக்கு மாற்றினோம். டியூப்பில் 10 லிட்டர் பிடிக்கும், ஓட்டம் வினாடிக்கு 1 லிட்டர். அதனால் தாமதம் 10 வினாடி கூடியது. அன்றிலிருந்து வெப்பம் சுமார் 65 வினாடிக்கு ஒரு முறை ஏறி இறங்குகிறது.

வால்வு 1% திறந்தால் 0.8 டிகிரி ஏறும். டைம் கான்ஸ்டன்ட் 40 வினாடி, பழைய தாமதம் 6 வினாடி. PI-இல் Kp 5, Ti 40. Ti அந்த 40-ஐ அடித்துவிடுவதால் லூப் இப்படி ஆகிறது:

```
L(s) = 0.1 * exp(-6s) / s
```

கெயின் 1 ஆகும் இடம் 0.1 rad/s. அங்கே பேஸ் மார்ஜின் 55.6 டிகிரி. 55.6 / 0.1 = 556 வினாடி. அவ்வளவு இடம் இருந்தும் 10 வினாடிக்கே ஏன் ஆடுகிறது?

நகரி:
டிகிரியை அப்படியே வகுத்திருக்கிறீர்கள் தம்பி. ரேடியனாக மாற்றினால் 0.97, அதை 0.1-ஆல் வகுத்தால் 9.7 வினாடிதான் வரும். ஆனால் நீங்கள் கூட்டியது 10. வெறும் 0.3 வினாடி மிஞ்சியதற்கு இவ்வளவு ஆட்டம் வராது. வால்வு ஒட்டிக்கொண்டு நிற்கும், கிளாண்டைப் பாருங்கள்.

பலமனேர்:
கணக்கு சரி அண்ணா, முடிவு சரியில்லை. 9.7 என்பது ஆட்டம் அடங்கவே அடங்காத எல்லை. அதை நெருங்கும்போதே ஆட்டம் நெடுநேரம் நீளும். தாண்டினால் மெல்ல வளர்ந்து, வால்வு முழுக்கத் திறந்து மூடும் அளவில் போய் நிற்கும்.

இன்னொரு தடயம் இருக்கிறது. தாமதம் கூடினால் பேஸ் மட்டும்தான் சரியும், கெயின் மாறாது. அதனால் எல்லையிலும் ஆடும் வேகம் அதே 0.1 rad/s, அதாவது 63 வினாடிக்கு ஒரு ஆட்டம். அவர் 65 என்கிறார், கிட்டத்தட்ட அதேதான்.

வால்வா லூப்பா என்று பார்க்க மேனுவலில் போட்டால் போதாது, இரண்டிலுமே ஆட்டம் நின்றுவிடும். Kp-ஐப் பாதியாக்குங்கள். தாமதம்தான் காரணம் என்றால் ஆட்டம் அடங்கிவிடும். வால்வு ஒட்டினால் ஆட்டம் போகாது, இன்னும் மெதுவாகத் தொடரும்.

Kp 2.5 ஆனால் கெயின் 1 ஆவது 0.05-இல். இந்த லூப் தாங்கும் மொத்தத் தாமதம் π/2 வகுத்தல் 0.05, அதாவது 31.4 வினாடி. உங்களிடம் இருப்பது 16. இன்னும் 15.4 வினாடி மிச்சம்.

கொழிஞ்சாம்பாறை:
என் கேள்வியும் இதோடு சேர்ந்ததுதான். நீளமான பெல்ட் வைத்த சர்வோ அச்சு ஒன்று. MATLAB-இல் `allmargin` போட்டால் DelayMargin-இல் மூன்று எண்: 131, 98, 46 மில்லிசெகண்ட். பேஸ் மார்ஜின் 60 டிகிரி இருப்பதால் முதல் எண்ணை எடுத்துக்கொண்டேன். சரிதானே?

பலமனேர்:
இல்லை, மிகச் சிறியதுதான் உங்கள் எண், 46. பெல்ட்டின் அதிர்வால் கெயின் மறுபடி 1-ஐத் தாண்டி எழுந்து இறங்கியிருக்கும், அதனால்தான் மூன்று இடம். ஒரே அளவு தாமதம் உயர் வேகத்தில் பேஸை அதிகம் தின்னும். உதாரணமாக 8 rad/s-இல் 60 டிகிரி மிச்சம் இருந்தால் 131 மில்லிசெகண்ட் தாங்கும். 65 rad/s-இல் 170 டிகிரி மிச்சம் இருந்தும் 46தான் தாங்கும். அங்கே பேஸ் -180-ஐக் கடந்து போயிருந்தால், அடுத்த -540 வரை எவ்வளவு தூரம் என்று எண்ண வேண்டும். கையால் போடுகிறவர்கள் தவறுவது இங்கேதான்.

பங்காருபாளையம்:
Kp-ஐ 2.5 ஆக்கினேன், நாலைந்து நிமிடத்தில் ஆட்டம் அடங்கிவிட்டது. நகரி அண்ணா, கிளாண்டையும் பார்த்தேன், தளர்வாகவே இருக்கிறது. ஒரு சந்தேகம். சீசன் கடைசியில் ஓட்டம் 0.7 லிட்டருக்கு இறங்கும். அப்போதும் 15 வினாடி மிச்சம் இருக்குமா?

பலமனேர்:
இருக்காது. டியூப் தாமதம் 14.3 ஆகும். பழைய 6-உம் ஓட்டத்தோடு நீண்டால் 8.6, மொத்தம் 23. ஓட்டம் குறைந்தால் அதே நீராவிக்கு வெப்பம் அதிகம் ஏறும், 0.8 என்பது 1.14 வரை போகலாம். டைம் கான்ஸ்டன்ட் 40-இலேயே நின்றால் கெயின் 1 ஆகும் இடம் 0.071, தாங்கும் மொத்தம் 22. தாண்டிவிட்டீர்கள். டைம் கான்ஸ்டன்ட்டும் நீண்டால் தப்பிக்கலாம், அதை இங்கிருந்து சொல்ல முடியாது. 0.7 ஓட்டத்தில் மேனுவலில் வால்வை 2% தள்ளி, வரைபடத்தை எடுத்துப் போடுங்கள்.

நகரி:
ஹீட்டர் வாயில் பழைய சென்சாரைத் திரும்பப் போட்டு அதை வைத்தே வால்வை ஓட்டினால் என்ன? டியூப் கடைசியில் இருப்பது பதிவுக்கும் டைவர்ட் வால்வுக்கும் இருக்கட்டும்.

பங்காருபாளையம்:
அந்தப் பாக்கெட் இன்னும் அடைக்காமல்தான் இருக்கிறது அண்ணா. ஞாயிறு கிளீனிங் நிறுத்தத்தில் போடுகிறேன், 2% சோதனையையும் அன்றே எடுத்துவிடுகிறேன்.