விடியற்காலையில் பிடித்து வைத்த தண்ணீரில் ஒட்டியிருக்கும் குமிழிகள்: உங்கள் வீட்டு அனுபவம் என்ன?

கே.கே.நகர் இல்லத்தரசி:

எண்பது வயதைக் கடந்த என் மாமனார் காலை மாத்திரைக்கென ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் வைத்துக்கொள்வார். மார்கழி தொடங்கியதிலிருந்து ஒரு காட்சி தவறாமல் நிகழ்கிறது. விடியற்காலை ஐந்து மணிக்குக் குழாயில் பிடித்த தண்ணீர் அந்த நேரத்தில் தெளிவாகவே இருக்கிறது. அடுப்பு எரியும் சமையலறையில் அதை வைத்துவிட்டு ஏழரை மணிக்குப் பார்த்தால், தம்ளரின் உட்சுவர் முழுவதும் கடுகைவிடச் சிறிய குமிழிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அது குளோரின் வாயு என்று சொல்லி மாமனார் அந்தத் தண்ணீரைக் குடிக்க மறுக்கிறார். எதிர்வீட்டு அம்மா வடிகட்டி இயந்திரம் கெட்டுவிட்டது என்கிறார். ஆனால் இந்தத் தண்ணீர் வடிகட்டிக்குள் போவதே இல்லை. என்னைக் குழப்புவது வேறு ஒன்று. சென்ற மே மாதம் இதே குழாயில், இதே தம்ளரில், மதிய வேளையில் பிடித்து வைத்த தண்ணீரில் ஒரு குமிழிகூட வரவில்லை. வெயில் காலத்தில்தானே அதிகமாக வரவேண்டும்? இதைக் கவனித்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

வேளச்சேரி, கட்டுமானப் பொறியாளர்:

இது அழுத்தத்தின் விளைவு, அக்கா. நான்கு மாடிக்கு மேலே இருக்கும் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீர் குழாய்க்குள் அழுத்தத்தில் நிற்கிறது. குழாயைத் திறந்ததும் அழுத்தம் விலகுவதால், சோடா புட்டியைத் திறந்தது போலக் கரைந்திருந்த காற்று வெளியேறுகிறது. எங்கள் பணியிடத்தில் தினமும் இதைப் பார்க்கிறேன்.

அயனாவரம் குடும்பத்தலைவி:

எங்கள் வீட்டிலும் இதே தொல்லைதான். மோட்டார் போட்ட பிறகு குழாயைத் திறந்தால் தண்ணீர் பால் போல வெள்ளையாகக் கொட்டுகிறது. சுண்ணாம்பு அதிகமாகிவிட்டது என்று பயந்து இரண்டு வாரமாகக் கேன் தண்ணீர் வாங்குகிறோம். இதற்கு என்ன செய்வது?

பெரம்பூர், ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை:

அயனாவரத்து அம்மா சொல்வது வேறு நிகழ்ச்சி என்பதால் அதை முதலில் பிரித்துவிடுகிறேன். அந்த வெள்ளைத் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து, அசைக்காமல் ஒரு நிமிடம் பாருங்கள். கீழிருந்து மேலாகத் தெளிந்தால், அது காற்று மேலேறிப் போவதுதான். மேலிருந்து தெளிந்து அடியில் வெண்மையாகப் படிந்தால் அது வண்டல் அல்லது சுண்ணாம்பு. காற்றாக இருந்தால், மோட்டார் தண்ணீரை இழுக்கும் குழாயின் இணைப்பில் எங்கோ காற்று புகுகிறது என்று பொருள். பிளம்பரிடம் அந்த இணைப்பைப் பார்க்கச் சொன்னால் போதும்.

இனி கே.கே.நகர் கேள்விக்கு வருகிறேன். அழுத்தத்தைப் பற்றித் தம்பி சொன்னது பாதி சரி. அழுத்தம் மட்டும் தண்ணீருக்குள் காற்றைச் சேர்த்துவிடாது. அழுத்தத்தில் இருக்கும்போது தண்ணீரோடு காற்றும் இருந்தால்தான் கூடுதலாகக் கரையும். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் முழுவதும் தண்ணீரே நிறைந்திருப்பதால் அங்கே கரைவதற்குக் காற்று இல்லை. விட்டுவிட்டு வரும் தெருக் குழாய் வேறு: காலியாகக் கிடந்து காற்று நிறைந்த குழாயில் தண்ணீர் பாயும்போது அந்தக் காற்று நசுங்கிக் கரையக்கூடும். அங்கே தம்பியின் விளக்கம் பொருந்தும்.

உங்கள் தம்ளரைப் பொறுத்தவரை முக்கியமானது, அந்தத் தண்ணீர் கடைசியாக எந்தக் குளிரில் காற்றோடு கலந்து நின்றது என்பதே. தண்ணீர் குளிர்ந்தால் அதிகக் காற்றைத் தாங்கும். சூடேறினால் குறைவாகத் தாங்கும். ஒரு லிட்டர் தண்ணீர் 10 டிகிரியில் ஏறக்குறைய 23 மில்லி காற்றையும், 25 டிகிரியில் சுமார் 17 மில்லியையும், 30 டிகிரியில் சுமார் 15½ மில்லியையும் கரைத்து வைத்திருக்கும். மார்கழி இரவில் மாடித் தொட்டியின் மேல்பரப்பு குளிர்ந்து, குளிர்ந்த நீர் கீழே இறங்கி, கீழுள்ள நீர் மேலே வருகிறது. இப்படி இரவு முழுவதும் புரளும் தண்ணீர் தன்னால் இயன்ற அளவு காற்றை எடுத்துக்கொள்கிறது. அதை 25 டிகிரியில் பிடித்து, அடுப்பருகே 30 டிகிரி வரை சூடாக விட்டால், லிட்டருக்கு ஒன்றரை மில்லி காற்று மிச்சமாகிறது. 200 மில்லி தம்ளருக்கு அது 0.3 மில்லி. ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள குமிழிகளாகக் கணக்கிட்டால் அறுநூறு வரும். மிச்சக் காற்றில் பெரும்பகுதி குமிழியாகாமல் மேற்பரப்பு வழியே சத்தமின்றிப் போய்விடும் என்பதால் உங்கள் கண்ணுக்கு நூறோ இருநூறோ தெரியும்.

மே மாதப் புதிருக்கும் இதுவே விடை. அந்த மதியத்தில் மொட்டைமாடிக் கறுப்புத் தொட்டித் தண்ணீர் கை பொறுக்காத சூட்டில் இருக்கும். அந்தச் சூட்டில் தாங்க முடியாத காற்று தொட்டியிலேயே வெளியேறிவிடும். நீங்கள் பிடித்து வைத்த பிறகு அது அறையின் சூட்டுக்குக் குளிர்வதால் காற்றை விடுவதற்குப் பதிலாக வாங்கிக்கொள்ளும் நிலையில் இருக்கிறது. குமிழி எப்படி வரும்?

மாமனாரிடம் குளோரின் பற்றியும் சொல்லுங்கள். குடிநீரில் கிருமி நீக்கத்துக்காக எஞ்சியிருக்க வேண்டிய குளோரின், இந்தியத் தர அளவின்படி லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம். தண்ணீரோ லிட்டருக்குப் பல கிராம் குளோரினைக் கரைத்துக்கொள்ளக்கூடியது. இவ்வளவு சிறிய அளவு குமிழியாகப் பிரிய வழியே இல்லை. அந்தக் குமிழிகளில் இருப்பது நைட்ரஜனும் ஆக்சிஜனும்தான். ஆக்சிஜன் தண்ணீரில் எளிதாகக் கரைவதால், நாம் மூச்சுவிடும் காற்றில் இருப்பதைவிட அதன் பங்கு அவற்றில் கூடுதலாகவே இருக்கும்.

வேளச்சேரி, கட்டுமானப் பொறியாளர்:

ஏற்றுக்கொள்கிறேன், அம்மா. ஆனால் மிச்சமான காற்று தண்ணீரின் நடுவிலும்தானே இருக்கிறது? ஏன் சுவரில் மட்டும் குமிழி பிடிக்கிறது? கண்ணாடி ஓரம் முதலில் சூடாவதாலா?

பெரம்பூர், ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை:

சூடு காரணமாக இருந்தால், தம்ளரை ஆறு மணி நேரம் விட்டு எல்லா இடமும் ஒரே சூடான பிறகும் குமிழிகள் சுவரிலேயே இருப்பதை விளக்க முடியாது. வெறும் தண்ணீருக்கு நடுவே ஒரு புதிய குமிழி பிறப்பது மிகக் கடினம். பிறந்த கணத்தில் அது அவ்வளவு சிறியதாக இருப்பதால், நீரின் பரப்பு இழுவிசை அதை நசுக்கிவிடும். அதை வென்று பிறக்க, தாங்கும் அளவைவிட நூறு மடங்குக்கும் மேல் காற்று கரைந்திருக்க வேண்டும். நம்மிடம் பத்து சதவீதம்தான் மிச்சம் இருக்கிறது. ஆகவே குமிழி புதிதாகப் பிறப்பதில்லை. ஏற்கெனவே இருந்த காற்று வளர்கிறது. கண்ணாடியில் உள்ள நுண்ணிய கீறல்களிலும், துடைத்த துணியிலிருந்து ஒட்டிய நூலிழைகளிலும், தண்ணீர் ஊற்றும்போதே கொஞ்சம் காற்று சிக்கிக்கொள்கிறது. மிச்சக் காற்று அந்த இடங்களுக்குள் ஊறி வந்து அவற்றைப் பெரிதாக்குகிறது. மிச்சம் குறைவாக இருந்தால் சற்றுப் பெரிய கீறல்களே பயன்படும். மிச்சம் அதிகமானால் நுண்ணிய கீறல்களும் விழித்துக்கொள்ளும்.

நான் பணியில் இருந்தபோது மாணவிகளுக்கு இரண்டு தம்ளர் வைத்துக் காட்டுவேன். ஒன்றைச் சோப்பால் கழுவி, பலமுறை அலசி, துடைக்காமல் கவிழ்த்து உலரவிடுவோம். மற்றதைப் பழைய பருத்தித் துண்டால் நன்றாகத் துடைப்போம். துடைத்த தம்ளரில் எப்போதும் அதிகக் குமிழிகள். கரண்டி தேய்த்த கீறலின் மேல் அவை கோடு போட்டது போல வரிசையாக நிற்கும்.

கொளத்தூர், வண்ண மீன் விற்பனையாளர்:

எங்கள் தொழிலில் இது அழகுக் காட்சி அல்ல, ஐயாமாரே. நான் தொழில் தொடங்கிய ஆண்டில், ஆழ்துளைக் கிணற்றில் மோட்டார் இழுத்த தண்ணீரை நேராகத் தொட்டியில் நிரப்பி, அன்றே மீன்களை விட்டேன். ஒரு மணி நேரத்தில் கண்ணாடி நான்கு பக்கமும் குமிழி பூத்தது. மறுநாள் மீன்களின் செதில் ஓரத்திலும் கண்ணருகிலும் அதே குமிழிகள். பல மீன்கள் இறந்துபோயின. எங்கள் மோட்டாரின் இழுகுழாயில் ஓர் ஓட்டை இருந்ததைப் பிறகுதான் கண்டுபிடித்தோம். காற்றையும் தண்ணீரையும் சேர்த்து அழுத்தி, அது வேண்டாத அளவு காற்றைக் கரைத்திருக்கிறது. அப்போதிருந்து தண்ணீரை ஒரு நாள் முழுக்கத் தொட்டியில் நிறுத்தி, காற்றைச் சிறு குமிழிகளாக ஊதும் காற்றுக்கல்லை ஓடவிடுகிறேன். காற்றுக்கல் கூடுதல் காற்றை ஏற்றிவிடாதா என்று பலர் கேட்கிறார்கள். அதன் குமிழிகள் மேலேறும்போது தண்ணீரைக் கலக்கி, மிச்சக் காற்றை வெளியே தள்ளுகின்றன என்பதே நான் கண்டது. சுவரில் குமிழி நின்றுபோன பிறகே மீனை விடுவேன். குடிக்கும் மனிதருக்கு இதனால் எந்தக் கெடுதலும் இல்லை.

கே.கே.நகர் இல்லத்தரசி:

சனி, ஞாயிறு இரண்டு நாளும் செய்து பார்த்ததை எழுதுகிறேன். ஆசிரியை அம்மா சொன்னபடி ஒரே மாதிரியான தம்ளர்களை அலசி, துடைக்காமல் எடுத்துக்கொண்டேன்.

விடியற்காலைக் குழாய்த் தண்ணீரில் வழக்கம்போல் குமிழிகள் வந்தன. துடைக்காததால் முன்பைவிடக் குறைவு. அடுத்து ஃபிரிட்ஜில் இரண்டு புட்டிகள் வைத்தேன். ஒன்றில் கழுத்து வரை நிரப்பி மூடினேன். மற்றதில் பாதி நிரப்பி, இரண்டு நாளில் அவ்வப்போது எடுத்துக் குலுக்கினேன். பாதி புட்டித் தண்ணீரைத் தம்ளரில் ஊற்றி வைத்தபோது, ஒரு மணி நேரத்தில் சுவர் மட்டுமல்ல, அடிப்பகுதியும் குமிழியால் மூடிக்கொண்டது. நிறைந்த புட்டித் தண்ணீரும் அதே குளிர்ச்சிதான். ஆனால் அதில் விரல்விட்டு எண்ணும் அளவே குமிழிகள். குளிர்ந்தால் மட்டும் போதாது, குளிர்ந்திருக்கும்போது காற்றையும் சந்திக்க வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. குமிழி பூத்த தம்ளரை மறுபடி ஃபிரிட்ஜில் வைத்தேன். மாலைக்குள் சிறியவை எல்லாம் காணாமல் போய்விட்டன.

பத்து நிமிடம் கொதிக்க வைத்து, மூடியபடி ஆறவிட்ட தண்ணீரில் குமிழி வரக்கூடாது என்று எதிர்பார்த்தேன். ஏழெட்டுக் குமிழிகள் இருந்தன. அதற்கு மட்டும் காரணம் தெரியவில்லை.

வேளச்சேரி, கட்டுமானப் பொறியாளர்:

பத்து நிமிடம் போதாது, அக்கா. காற்று முழுவதும் வெளியேற இன்னும் கொதிக்க வைக்க வேண்டும்.

பெரம்பூர், ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை:

பத்து நிமிடக் கொதியில் பெரும்பாலான காற்று போயிருக்கும் என்றே நினைக்கிறேன். எஞ்சியது குமிழியை வளர்க்கும் அளவுக்கு இருக்காது. பாத்திரத்திலிருந்து தம்ளருக்கு ஊற்றும்போது சுவரில் சிக்கிய காற்றாக அவை இருக்கலாம். அப்படியானால் அவை முதல் நிமிடத்திலேயே இருந்திருக்கும், நேரம் போகப் போக வளராமல் சிறுத்திருக்கும். ஊற்றியவுடன் பார்த்தீர்களா?

கே.கே.நகர் இல்லத்தரசி:

பார்க்கவில்லை, அம்மா. இரண்டு மணி நேரம் கழித்துத்தான் பார்த்தேன். அடுத்த ஞாயிறு ஊற்றிய கையோடு எண்ணி எழுதிவைக்கிறேன். மாமனார் இன்று காலை அந்தத் தம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.