அல்காரிதம்ஸ் புத்தகம்: மூன்றாம் பதிப்பு போதுமா?

எம்.இ. கணினி அறிவியலில் சேரும் தங்கைக்கு ‘இன்ட்ரொடக்‌ஷன் டு அல்காரிதம்ஸ்’ புத்தகம் வேண்டும். பழைய புத்தகக் கடையில் 2009-இல் வந்த மூன்றாம் பதிப்பு நல்ல நிலையில் இருக்கிறது. நான்காம் பதிப்பு 2022-இல் வந்தது, விலை அதிகம்.

இரண்டின் பொருளடக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சார்ட்டிங், டைனமிக் புரோகிராமிங், கிராஃப் எல்லாம் இரண்டிலும் உண்டு. பைபார்டைட் மேட்சிங், ஆன்லைன் அல்காரிதம், மெஷின் லேர்னிங் அத்தியாயங்கள் புதியதில் மட்டும். ஃபிபனாச்சி ஹீப் அத்தியாயம் பழையதில்தான் இருக்கிறது. அவளுடைய பாடத்திட்டத்தில் அதுவும் வருகிறது. அதனால் என் மனம் பழையதின் பக்கமே சாய்கிறது.

தயக்கம் எண்களில்தான். டைனமிக் புரோகிராமிங் பழையதில் 15-ஆம் அத்தியாயம், புதியதில் 14. டைக்ஸ்ட்ரா 24.3-இலிருந்து 22.3-க்குப் போய்விட்டது. பயிற்சிக் கணக்குகளும் கூடியிருக்கின்றன. ‘22.3-இல் இரண்டாவது கணக்கைப் போட்டு வா’ என்று ஆசிரியர் சொன்னால், பழையதில் அந்த இடத்தில் டெப்த் ஃபர்ஸ்ட் சர்ச் இருக்கும்.

சமீபத்தில் எம்.இ. படித்தவர்கள் சொல்லுங்கள்: அசைன்மென்ட்டைப் புத்தக எண் சொல்லித் தருகிறார்களா, கேள்வியை முழுதாக எழுதித் தருகிறார்களா? எண் மட்டும் என்றால், நூலகப் பிரதியில் கேள்வியைப் பார்த்துக்கொண்டு சமாளிக்க முடிந்ததா?