இருவருக்குமே சண்டை வேண்டாம் என்றால் சண்டை எப்படி வருகிறது?

புதுமாணவி:
சர்வதேச உறவுகள் முதலாமாண்டு படிக்கிறேன். ‘பாதுகாப்பு இருதலைக்கொள்ளி’ பாடத்தில், இரண்டு நாடுகளும் தற்காப்பை மட்டுமே விரும்பினாலும் அது போர் வரை போகலாம் என்கிறார்கள். இரண்டு பேருமே நல்லவர்கள் என்றால் பிரச்சினை எங்கிருந்து வருகிறது? அன்றாட வாழ்க்கையிலிருந்து ஓர் உதாரணத்தோடு யாராவது சொல்லுங்களேன்.

கரைக்காற்று:
இரவில் தெருவிளக்கு இல்லாத குறுகலான சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். எதிரெதிரே இரண்டு கார்கள் வருகின்றன. முதல் காரில் இருப்பவருக்குப் பாதை சரியாகத் தெரியவில்லை, ஹெட்லைட்டை ஹை பீமில் போடுகிறார். அவருக்கு வேண்டியது பள்ளத்தில் விழாமல் வீடு போய்ச் சேர்வது, அவ்வளவுதான். ஆனால் அந்த வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கிறது. அவருக்கு இப்போது எதுவுமே தெரியவில்லை. அவர் என்ன செய்வார்? டிம்மிலேயே வந்தால் குருடாக ஓட்ட வேண்டும். தானும் ஹை பீம் போட்டால் முதல் ஆளுக்குக் கண் கூசும், அந்த ஆள் இன்னும் பயப்படுவார். இரண்டு பக்கமும் எரிகிற கொள்ளிக்கு நடுவில் மாட்டிய எறும்பின் நிலைதான். பாடத்தின் பெயர் இதைத்தான் சொல்கிறது.

முக்கியமான இடம் ஒன்று இருக்கிறது. உங்கள் ஹெட்லைட் உங்கள் கண்ணில் அடிப்பதே இல்லை. காருக்குள் உட்கார்ந்திருக்கும்போது அது வெறும் சாலை வெளிச்சம். அதனால் எதிரே வருபவர் ஹை பீம் போட்டதும், ‘என்ன திமிர் இவனுக்கு’ என்றுதான் தோன்றும். அவர் நமக்குப் பதில் சொல்கிறார் என்று தோன்றாது.

புதுமாணவி:
ஆனால் நாடுகள் கார் ஓட்டுநர்கள் மாதிரி இல்லையே அண்ணா. தூதர்கள் இருக்கிறார்கள், உளவுத்துறை இருக்கிறது. நாம் தாக்கப் போவதில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காதா?

கரைக்காற்று:
அப்படித்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். சோவியத் தலைவர்கள் அமெரிக்கா தங்களைத் தாக்கிவிடும் என்று உண்மையாகவே பயந்தார்கள் என்பதைப் பதவிக்கு வந்த சில ஆண்டுகள் கழித்துத்தான் உணர்ந்ததாகவும், அது தனக்கு ஆச்சரியமாக இருந்ததாகவும் அப்போதைய அமெரிக்க அதிபர் ரீகனே பின்னாளில் எழுதியிருக்கிறார். 1983 நவம்பரில் நேட்டோ நடத்திய ‘ஏபிள் ஆர்ச்சர்’ பயிற்சி, அணு ஆயுதம் ஏவ உத்தரவு போகும் முறையை ஒத்திகை பார்ப்பது. நேட்டோவுக்கு அது வழக்கமான பயிற்சி. மறுபக்கம் சோவியத் தரப்பினர் கிழக்கு ஜெர்மனியிலும் போலந்திலும் சில விமானப் பிரிவுகளை உஷார்ப்படுத்தி வைத்தார்கள். போர் எவ்வளவு அருகில் வந்தது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. பயம் பொய்யில்லை என்பது மட்டும் தெளிவு.

நேர்கோடு:
இவ்வளவு சுற்ற வேண்டாம். இது ஆயுதப்போட்டிதான், வேறொன்றுமில்லை. முதல் உலகப்போருக்கு முந்தைய பிரிட்டன், ஜெர்மனி கடற்படைப் போட்டியைப் படித்தால் போதும். 1898இல் ஜெர்மனி கடற்படைச் சட்டம் கொண்டுவந்தது, 1906இல் பிரிட்டன் டிரெட்நாட் என்ற புதுவகைப் போர்க்கப்பலை இறக்கியது, 1909இல் ‘எட்டுக் கப்பல் வேண்டும்’ என்று பிரிட்டனில் மக்களே கேட்டார்கள். ஒருவர் கட்ட, மற்றவரும் கட்ட, இரண்டு பேருக்கும் பயம். ஹை பீம் கதையும் இதேதான்.

கரைக்காற்று:
பாதி சரி. போட்டி என்பது வெளியே தெரியும் புகை. உள்ளே எரிவது பரஸ்பர பயமாகவும் இருக்கலாம், ஒருவரின் ஆசையாகவும் இருக்கலாம். நீங்கள் சொன்ன உதாரணத்திலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. பிரிட்டன் தீவு. சோறே கடல் வழியாகத்தான் வந்தது. கடற்படை தோற்றால் எல்லாம் போச்சு. ஜெர்மனிக்கு உயிர் காப்பது தரைப்படை. அப்படியிருந்தும் ஜெர்மன் கடற்படை அமைச்சர் டிர்பிட்ஸ் பெரிய போர்க்கப்பல்களைக் கட்டியது பிரிட்டனைக் குறிவைத்துத்தான். பிரிட்டன் மோத யோசிக்கும் அளவுக்குப் படை இருந்தால் அது வழிவிடும் என்பது அவர் கணக்கு. இது முழுக்கப் பயமா, பயத்தோடு கலந்த ஆசையா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அதனால் முதல் உதாரணமாக இதைச் சொல்ல எனக்குத் தயக்கம்.

செவ்வானம்:
எனக்கு இந்தக் கோட்பாட்டின் மேலேயே கோபம் உண்டு. ‘இரண்டு பேரும் பயந்தார்கள், தவறு யாருடையதும் இல்லை’ என்று முடித்துவிட்டால் ஆக்கிரமிப்பாளருக்கு இதைவிட வசதியான சாக்கு எது? 1939இல் ஹிட்லருக்குப் போலந்தைப் பார்த்து என்ன பயம்? எல்லை தாண்டுகிற எல்லாரும் ‘தற்காப்பு’ என்றுதான் சொல்கிறார்கள். அதைக் கேட்டுத் தலையாட்டினால் அடி வாங்கியவரையும் அடித்தவரையும் ஒரே தராசில் வைப்பதாகிவிடும்.

கரைக்காற்று:
1939 இதில் சேரவே சேராது, அதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். பயம்தான் காரணம் என்றால், பயத்தைத் தணித்தால் கோரிக்கை நிற்க வேண்டும். 1938 செப்டம்பரில் மியூனிக்கில் செக்கோஸ்லோவாக்கியாவின் சூடெட்டன் பகுதியை ஹிட்லருக்குக் கொடுத்தார்கள். அடுத்த மார்ச்சில் ஜெர்மன் படை அந்நாட்டின் தலைநகர் பிராகாவில் நின்றது. கேட்டதைக் கொடுத்த பிறகும் பசி அடங்கவில்லை என்றால் அது பயமில்லை.

செவ்வானம்:
அந்தச் சோதனையின் முடிவு பிராகா போன பிறகுதானே தெரிந்தது? தெரிந்துகொள்ள ஒரு நாட்டையே விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது. முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி சொல்லுங்கள். இல்லையென்றால் இந்தப் பாடத்தால் என்ன பயன்?

இராப்பயணி:
நான் பதினைந்து வருஷமாக இரவில் லாரி ஓட்டுகிறவன். அரசியல் படித்ததில்லை. ஹை பீம் பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன். எதிரே கண்ணைக் குத்துகிற வெளிச்சம் எல்லாமே ஹை பீம் இல்லை. பின்னால் பாரம் அதிகமாக ஏற்றினால் வண்டியின் பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். அப்போது டிம்மில் வந்தாலும் வெளிச்சம் எதிராளி கண்ணுக்கு நேராகப் போகும். எதிரே வருகிறவர் விட்டு விட்டு அடித்துக் காட்டுவார், ‘டிம் பண்ணு’ என்று. நான் ஏற்கெனவே டிம்மில்தான் இருக்கிறேன்! அப்போது என்ன செய்வேன் தெரியுமா? ஒரே ஒரு தடவை ஹை பீமைத் தட்டிவிட்டு உடனே இறக்குவேன். உண்மையான ஹை பீம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். இதுவரை போட்டிருந்தது டிம்தான் என்றும் புரிந்துவிடும். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும்.

கேள்விக்கு இது பொருந்துமா என்று தெரியவில்லை. தப்பென்றால் மன்னிக்கவும்.

கரைக்காற்று:
பொருந்துவது மட்டுமில்லை, செவ்வானம் கேட்டதற்குப் பாதிப் பதிலே இதில்தான் இருக்கிறது. 1978இல் அரசியல் அறிஞர் ராபர்ட் ஜெர்விஸ் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் முக்கியமான கேள்விகளில் ஒன்று இது: ஒருவர் வைத்திருப்பது தாக்கும் கருவியா, காக்கும் கருவியா என்று வெளியிலிருந்து பார்த்தால் பிரித்தறிய முடிகிறதா? முடிந்தால் பயந்தவரையும் பேராசைக்காரரையும் ஓரளவு பிரிக்கலாம். பயந்தவர் கதவுக்குப் பூட்டு வாங்குவார். பூட்டைப் பார்த்து எந்தப் பக்கத்து வீட்டுக்காரரும் பயப்பட மாட்டார். அவரே கடப்பாரை வாங்கினால் கேள்வி வரும்.

சிக்கல் என்னவென்றால், பெரும்பாலான ஆயுதங்கள் இராப்பயணி ஐயாவின் பாரம் ஏற்றிய லாரி மாதிரி. டாங்கியை வைத்து எல்லையைக் காக்கலாம், தாண்டவும் செய்யலாம்.

இப்போது 1988க்கு வருகிறேன். டிசம்பர் 7ஆம் தேதி சோவியத் தலைவர் கோர்பச்சேவ் ஐ.நா. பொதுச்சபையில் பேசினார். சோவியத் படையில் 5 லட்சம் பேரைக் குறைக்கிறோம், கிழக்கு ஜெர்மனி, செக்கோஸ்லோவாக்கியா, ஹங்கேரி ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 6 டாங்கி டிவிஷன்களைத் திரும்பப் பெறுகிறோம் என்றார். பத்திரிகைகள் இந்த எண்களைத்தான் பெரிதாகப் போட்டன. ஆனால் அதே பேச்சில் இன்னொரு வரி உண்டு: ஆற்றைக் கடந்து தாக்குவதற்கான பிரிவுகளையும் அவற்றின் கருவிகளோடு திரும்பப் பெறுகிறோம்.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். மேற்கு ஜெர்மனியில் வேசர், ரைன் போன்ற ஆறுகள் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகின்றன. கிழக்கிலிருந்து மேற்கே போகிற படை ஒவ்வொன்றாகத் தாண்டியாக வேண்டும். காத்து நிற்பவர் பாலத்தை உடைப்பார், தாக்க வருபவர் பாலத்தைக் கையோடு கொண்டுவருவார். பாலம் போடும் வண்டி யாரையும் சுடாது, ஆனால் அது எங்கே நிற்கிறது என்பதை வைத்து ஒரு படை எதற்குத் தயாராகிறது என்று சொல்லலாம். அதைத் திருப்பி அனுப்புவதுதான் ஹை பீமைத் தட்டிவிட்டு இறக்குவது. 1990 நவம்பரில் கையெழுத்தான ஐரோப்பிய மரபுப்படை ஒப்பந்தம், நேட்டோ அணிக்கும் சோவியத் அணிக்கும் தலா 20,000 டாங்கி என்று வரம்பு வைத்ததோடு நிற்காமல், பாலம் போடும் கவச வண்டிகளையும் எண்ணியது. செயல்படும் பிரிவுகளில் அணிக்கு 740தான். இந்த 740ஐ நான் ஒவ்வொரு ஆண்டும் வகுப்பில் சொல்கிறேன். மாணவர்களுக்குப் பாடம் பிடிபடுகிற இடம் அதுதான்.

நேர்கோடு:
எதிர்த்தாக்குதல் நடத்தி இழந்த நிலத்தை மீட்க வேண்டுமானால் காப்பவருக்கும் பாலம் வேண்டுமே?

கரைக்காற்று:
வேண்டும். பூஜ்யம் என்று போடாமல் 740 என்று போட்டது அதற்கும் இடம் விடுகிறது.

செவ்வானம்:
பாலம் விஷயம் எனக்குப் புதிது, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கோர்பச்சேவ் இதைச் செய்தது மறுபக்கத்தின் பயத்தைப் புரிந்துகொண்டதால் என்று சொல்ல முடியுமா? பொருளாதாரம் தள்ளாடியது, படைச் செலவு தாங்கவில்லை. பேட்டரி இறங்கினால் விளக்கு தானாக மங்கும். அதைப் பெருந்தன்மை என்று படிக்கக் கூடாது.

கரைக்காற்று:
பணநெருக்கடி பெரிய காரணம், மறுக்கவில்லை. ஆனால் பணம் மட்டும்தான் காரணம் என்றால் எங்கே வேண்டுமானாலும் வெட்டியிருக்கலாம். குறிப்பாக ஆற்றைக் கடக்கும் பிரிவை, அதுவும் எதிராளிக்குக் கண் கூசும் இடத்திலிருந்து, உலகமே கேட்கும்படி அறிவித்து எடுத்ததற்குச் செலவுக் கணக்கு மட்டும் விளக்கமாகாது என்பது என் எண்ணம். நீங்கள் உடன்படாமல் இருக்கலாம்.

செவ்வானம்:
உடன்படவில்லை. மேற்கின் கடனும் வணிகமும் தேவைப்பட்டவர் மேற்குக்குப் பிடித்த மாதிரி அறிவிப்பதில் ஆச்சரியமில்லை.

புதுமாணவி:
எனக்கு ஒரு சந்தேகம். முதலில் டிம் பண்ணுகிறவர் மாட்டிக்கொள்ள மாட்டாரா? எதிராளி டிம் பண்ணவில்லை என்றால்?

இராப்பயணி:
தங்கச்சி, நாங்கள் டிம் பண்ணும்போது கண்ணை மூடிக்கொண்டு போவதில்லை. கால் பிரேக்கில் இருக்கும், பார்வை சாலையோர வெள்ளைக்கோட்டில் இருக்கும். அந்தக் கோடு தெரிகிற வரைக்கும் தைரியமாக முதலில் டிம் பண்ணலாம். கோடே அழிந்துபோன சாலையில் நானும் யோசிப்பேன்.

கரைக்காற்று:
கோர்பச்சேவுக்கும் அந்தக் கோடு இருந்தது. 5 லட்சம் என்பது மொத்தப் படையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். அந்த அறிவிப்பு அணு ஆயுதங்களைத் தொடவில்லை. ஏமாந்தாலும் நாடு போய்விடாது என்ற அளவில்தான் முதல் அடியை வைத்தார்.

செவ்வானம்:
அப்படியானால் அணு ஆயுதமும் இல்லாமல், பக்கத்தில் பெரிய நாட்டை வைத்துக்கொண்டிருக்கிற சின்ன நாட்டுக்கு வெள்ளைக்கோடு எது?

இராப்பயணி:
சாலையில் அந்த மாதிரி நேரத்தில் முதலில் டிம் பண்ண வேண்டியது பெரிய வண்டிதான். பைக்கில் வருகிறவன் என்னை ஒன்றும் செய்துவிட முடியாது.

செவ்வானம்:
நீங்கள் பண்ணுவீர்கள். எல்லாப் பெரிய வண்டியும் பண்ணுகிறதா?

இராப்பயணி:
இல்லை. பாதிப் பேர்தான்.