ப்ரீரீனலுக்குத் தமிழ்: ‘முன்’ சரியா, ‘வரத்து’ சரியா?

மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். செவிலியர்களுக்கான கையேட்டில் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு பற்றிய பகுதியைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். காரணம் சிறுநீரகத்துக்கு முன்னே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா, பின்னே இருக்கிறதா என்பதை வைத்துப் பிரிக்கும் ப்ரீரீனல், ரீனல், போஸ்ட்ரீனல் ஆகிய மூன்றுக்கும் சொல் வேண்டும். ‘முன்சிறுநீரகப் பாதிப்பு’ என்று எழுதி ஒரு செவிலியரிடம் காட்டினேன். “நோய் முற்றுவதற்கு முந்தைய கட்டமா?” என்று கேட்டார். ‘முன்’ இங்கே காலத்தைக் குறிக்கவில்லை, இடத்தைக் குறிக்கிறது. அது தமிழில் தெரியவில்லை.

மருந்தாளுநர்:
‘நீரிழப்பு வகை’ என்று வைத்துவிடலாமே. வயிற்றுப்போக்கு, வாந்தி, ரத்தப்போக்கு எல்லாவற்றிலும் உடம்பில் நீர் குறைவதால்தானே இது வருகிறது?

சிறுநீரக மருத்துவர்:
பாதி சரி. இதயம் பலவீனமானவரைப் பாருங்கள். காலெல்லாம் வீங்கி, நுரையீரலில் நீர் கோத்திருக்கும். உடம்பில் நீர் மிகுதி. ஆனாலும் சிறுநீரகத்துக்குப் போதுமான ரத்தம் போகாது. அதுவும் ப்ரீரீனல்தான். ‘நீரிழப்பு’ என்று படித்தவரின் கை சலைன் பாட்டிலுக்குப் போகும், நோயாளிக்கு மூச்சு முட்டும். குறைவது ரத்த வரத்து. ஏரிக்கு வரத்து குறைந்தது என்கிறோமே, அதைப்போல ‘வரத்துக்குறை’ என்று சொல்லலாம்.

சிறுநீர்ச் சோதனையும் இதையேதான் காட்டுகிறது. வரத்து குறைந்தால் நல்ல நிலையில் இருக்கும் சிறுநீரகம் சோடியத்தை விடாமல் பிடித்துவைக்கும். சிறுநீரகத்துக்குள் இருக்கும் நுண்ணிய குழாய்களின் செல்கள் செத்துப்போனால் பிடிக்க முடியாமல் ஒழுகவிடும்.

ஓர் உதாரணம். உப்பளத் தொழிலாளி, மூன்று நாள் வயிற்றுப்போக்கு, கால்வலிக்கு டைக்ளோஃபினாக் வேறு. ரத்தத்தில் கிரியேட்டினின் 2.8, சோடியம் 136. சிறுநீரில் சோடியம் 12, கிரியேட்டினின் 140. கணக்கு இப்படி:

```
(12 × 2.8) ÷ (136 × 140) × 100 = 0.18
```

வடிகட்டப்பட்ட சோடியத்தில் 0.18 விழுக்காடுதான் வெளியேறியிருக்கிறது. 1க்குக் கீழே என்றால் வரத்துக்குறை, 2க்கு மேலே என்றால் குழாய்ச் சேதம் என்பது வழக்கமான அளவு. அவருக்கு டைக்ளோஃபினாக்கை நிறுத்தினோம். பொட்டாசியம் பார்த்தோம், ஈ.சி.ஜி. எடுத்தோம். அரை லிட்டர் சலைன் ஏற்றி, நுரையீரலைக் கேட்டுப் பார்த்த பிறகே அடுத்த அரை லிட்டர். மூன்றாம் நாள் கிரியேட்டினின் 1.3.

மருந்தாளுநர்:
அப்படியானால் 1க்குக் கீழ் வந்தாலே வரத்துக்குறை என்று கையேட்டில் எழுதிவிடலாமா?

சிறுநீரக மருத்துவர்:
வேண்டாம். சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் வடிமுடிச்சுகளில் திடீரென அழற்சி வந்தாலும் எண் 1க்குக் கீழே வரலாம். தசை சிதைந்தவர்களிடமும் பார்த்திருக்கிறேன். எதிர்ப்பக்கம், ஃப்ரூசமைடு போட்டவருக்கு மருந்தே சோடியத்தை வெளியே தள்ளும். வரத்துக்குறை இருந்தும் எண் ஏறிவிடும். அவர்களுக்கு யூரியாவை வைத்துக் கணக்கிடலாம், 35க்குக் கீழே என்றால் வரத்துக்குறை பக்கம். கூடவே சிறுநீரை மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். குழாய் வடிவில் உறைந்த சேற்று நிற வார்ப்புகள் தெரிந்தால் குழாய்ச் சேதம்.

ஓர் உறுப்பினர்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் அப்பாவுக்கு 74 வயது, ப்ராஸ்டேட் வீக்கம். சொட்டுச்சொட்டாகச் சிறுநீர் போய்க்கொண்டேதான் இருந்தது, அதனால் அடைப்பு இல்லை என்று இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டோம். ட்யூப் போட்டதும் ஒன்றேகால் லிட்டர் வந்தது. அவருக்கு இந்தச் சோடியக் கணக்கை முதலிலேயே போட்டிருந்தால் தெரிந்திருக்குமா?

சிறுநீரக மருத்துவர்:
தெரிந்திருக்காது ஐயா. அடைப்பில் இந்தக் கணக்கு கைகொடுக்காது. தொடக்கத்தில் வரத்துக்குறை போலவும், நாள்பட்டால் குழாய்ச் சேதம் போலவும் காட்டும். நிரம்பிய சிறுநீர்ப்பைதான் சொட்டுச்சொட்டாக வழிகிறது. அடிவயிற்றைத் தட்டிப் பார்ப்பது, ஸ்கேன், ட்யூப், இவைதான் வழி. ட்யூப் போட்ட பிறகு சிலருக்குச் சிறுநீர் வெள்ளமாகப் போகும். மணிக்கொரு முறை அளந்து, உப்பும் நீரும் ஈடுகட்ட வேண்டியிருக்கும்.

தமிழாசிரியர்:
‘வரத்துக்குறை’ எனக்குப் பிடித்திருக்கிறது. அதற்கு இணையாகப் போஸ்ட்ரீனலை ‘போக்குத்தடை’ என்று ஆக்கத் தோன்றும். அது வேண்டாம். ‘வயிற்றுப்போக்கு’ அதே பக்கத்தில் வருகிறது, படிப்பவர் குழம்புவார். ‘வடிகால்தடை’ என்று வைக்கலாம்.

மொழிபெயர்ப்பாளர்:
சரி, அந்த இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். நடுவில் உள்ளதற்கு ‘குழாய்ச் சேதம்’ என்று எழுதினேன்.

சிறுநீரக மருத்துவர்:
அது போதாது. வடிமுடிச்சு அழற்சி, மருந்து ஒவ்வாமையில் இடைத்திசு வீங்குவது, இவையும் அதே பிரிவுதான். ‘உட்சேதம்’ என்றால் மூன்றும் அடங்கும்.

தமிழாசிரியர்:
‘உட்சேதம்’ என்றால் அடிபட்டு உள்ளே காயம் என்று நினைப்பார்கள். ‘திசுப்பழுது’?

மொழிபெயர்ப்பாளர்:
இரண்டையும் அந்தச் செவிலியரிடமே காட்டிவிட்டு வெள்ளிக்கிழமை எழுதுகிறேன்.