வாட்ஸ்அப் குழு: நம்ம வீட்டு இலங்கைப் பயணம்

கார்த்தி: எல்லாரும் பாருங்க. அக்டோபர் முதல் வாரம் போட்டுடலாமா? ஹோட்டல் ஆப்ல அதை ‘ஷோல்டர் சீசன்’னு காட்டுது. ரூம் வாடகை நல்லா இறங்கியிருக்கு. பருவமழையும் செப்டம்பரோட முடிஞ்சிடும், டிசம்பர் கூட்டமும் ஆரம்பிச்சிருக்காது.

நித்யா: எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். பசங்க கடல்ல இறங்கணும். கரையில நின்னு வேடிக்கை பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

வசந்தி அத்தை: எந்த மாசம் வேணா போடுங்க, டிசம்பர் மட்டும் வேண்டாம். நாங்க திருகோணமலை போனப்ப பீக் சீசன், அருமையா இருக்கும்னு சொல்லித்தான் அனுப்பினாங்க. ரூமை விட்டு வெளிய வர முடியல. கடல் கறுத்துப் போய்க் கிடந்தது, படகே எடுக்கல.

கார்த்தி: அத்தை, அது புயல் வந்த வருஷமா இருக்கும். டிசம்பர்தான் அங்க பெஸ்ட்டுன்னு எல்லாரும் சொல்றாங்க.

முரளி சித்தப்பா: புயல் இல்ல கார்த்தி. அத்தை பார்த்தது அந்தக் கரையோட வழக்கமான டிசம்பர். திருகோணமலையில நவம்பர், டிசம்பர் ரெண்டு மாசமும் 300 மி.மீ.க்கு மேல கொட்டும். ஜூன்ல அதுல பத்துல ஒரு பங்குகூட வராது. நீ சொல்ற டிசம்பர் பீக் தெற்குக் கரையில இருக்கற காலி, மிரிஸ்ஸ ஊர்களுக்கு உள்ளது. அத்தைக்கு டிக்கெட் போட்டவங்க தெற்குக் கரையோட சீசனைச் சொல்லிக் கிழக்குக் கரைக்கு அனுப்பியிருக்காங்க.

நித்யா: இவ்வளவு சின்ன தீவுல அவ்வளவு வித்தியாசமா?

முரளி சித்தப்பா: நடுவுல மலை இருக்கேம்மா. மே மாசம் தென்மேற்குலேர்ந்து வர்ற ஈரக்காத்து அந்த மலையில ஏறும்போதே மழையை மேற்குப் பக்கம் கொட்டிடும். மலையைத் தாண்டி இறங்கும்போது காஞ்ச காத்தாயிடும். மட்டக்களப்புப் பக்கம் அதைக் கச்சான்னு சொல்வாங்க, அனல் மாதிரி அடிக்கும். டிசம்பர்ல காத்து வடகிழக்குக்குத் திரும்பிடும், அப்போ கிழக்கு நனையும், மேற்கும் தெற்கும் காயும். அதனால முதல்ல எந்தக் கரைன்னு முடிவு பண்ணணும், அப்புறம்தான் மாசம்.

சுந்தரம் மாமா: இப்பதான் கொழும்பு வானிலை பார்த்தேன். பத்து நாளைக்கும் வெயில்தான். தைரியமா போடுங்க 👍

நித்யா: மாமா, நாம போறது இந்த மாசம் இல்ல 🙂

சுந்தரம் மாமா: சரி சரி. ஆனா வெயில் நல்லாத்தான் இருக்கு.

கார்த்தி: சித்தப்பா, அப்போ அக்டோபர் சரிதானே? ஒரு மழை முடிஞ்சாச்சு, இன்னொண்ணு டிசம்பர்லதான் ஆரம்பிக்குது. நடு இடைவெளி.

முரளி சித்தப்பா: அங்கதான் எல்லாரும் மாட்டறாங்க. அந்த நடு இடைவெளியிலதான் தீவு முழுக்க மழை. அக்டோபர்ல காத்து விழுந்துடும். காலையில பளிச்சுன்னு வெயில் இருக்கும், மத்தியானம் மேகம் ஏறும், ரெண்டு மூணு மணிக்கு மேல இடி மழை. மாசக் கடைசியில வங்கக் கடல்ல தாழ்வு மண்டலம் உருவானா நாள் முழுக்க விடாது, மலைப் பக்கம் மண்சரிவு எச்சரிக்கை வரும், ரயிலை நிறுத்திடுவாங்க. கொழும்புக்கே அக்டோபர்ல 350 மி.மீ. கிட்ட வரும், ஆகஸ்ட்ல அதுல மூணுல ஒரு பங்குதான். நீ மழை மாசம்னு தள்ளி வெச்ச ஆகஸ்ட்!

கார்த்தி: அப்போ ஆப் ஏன் ஷோல்டர்னு போடுது?

முரளி சித்தப்பா: அது அறை எவ்வளவு விக்குதுங்கறதை வெச்சுப் போடற பேரு. ஆளு வரலைன்னா விலை இறங்கும். ஏன் வரலைன்னு அது சொல்லாது. சில ஊர்ல வானம் நல்லா இருந்தும் லீவு இல்லாததால ஆளு வர மாட்டாங்க, அந்த மாதிரி வாரம் கிடைச்சா அதிர்ஷ்டம். அக்டோபர்ல ஆளு வராததுக்குக் காரணம் மழையேதான்.

வசந்தி அத்தை: அப்போ ஆகஸ்ட்ல காலி போகலாமா? மழை குறைவுன்னு சொல்றியே.

முரளி சித்தப்பா: கோட்டையைச் சுத்திப் பார்க்கலாம் அக்கா, தூறல்தான் இருக்கும். ஆனா கடல் வேற கணக்கு. காத்து அந்தக் கரையைப் பார்த்தே அடிக்கறதால மழை குறைஞ்ச நாள்லயும் அலை அடங்காது. உள்ள இழுக்கற நீரோட்டம் இருக்கும், சிவப்புக் கொடி பறக்கும். நித்யா கேக்கறது கடல், அதனால மழை அட்டவணை மட்டும் பார்த்தா ஏமாந்துடுவோம். அந்தக் கரைக்குக் காத்து எந்தப் பக்கம்னும் பார்க்கணும்.

நித்யா: சரி, நீங்களே சொல்லுங்க சித்தப்பா. பசங்களுக்குக் கடல், பெரியவனுக்கு யானை, அம்மாவுக்கு ரொம்ப ஏறி இறங்காம.

முரளி சித்தப்பா: என் ஓட்டு செப்டம்பர் முதல் பாதி, கிழக்குக் கரை. ஆகஸ்ட் முழுக்க அங்க பீக். ஐரோப்பாக்காரங்க லீவு, நடுவுல கண்டி பெரஹெரா திருவிழா வேற, அந்த நாள்கள்ல கண்டியில ரூம் கிடைக்காது. செப்டம்பர் பிறந்தா ரெண்டும் முடிஞ்சு கூட்டம் கலையும், கடல் மட்டும் இன்னும் அமைதியா இருக்கும். சிகிரியா பக்கம் ரெண்டு ராத்திரி தங்கி, சாயங்காலம் மின்னேரியா பூங்காவுல ஜீப். குளத்துல தண்ணி வத்தி, கரையில புது புல் முளைக்கற நேரம் அது. யானைக் கூட்டம் அதுக்காகத்தான் இறங்கி வரும். அங்கேர்ந்து திருகோணமலை ரோட்டுல ரெண்டரை மணி நேரத்துக்குள்ள. மிச்ச நாள் அது பக்கத்துல நிலாவெளி கடற்கரை.

கார்த்தி: அட்டவணையில திருகோணமலை செப்டம்பருக்கு 100 மி.மீ. போட்டிருக்கே!

முரளி சித்தப்பா: நல்லா பார்த்தே. பக்கத்துல மழை நாள்னு இன்னொரு கட்டம் இருக்கும், அதையும் பாரு. அந்த 100 சில சாயங்கால இடி மழையில வந்து போயிடும். காலையில கடல், மூணு மணிக்கு மேல ரூம்னு வெச்சுக்கிட்டா பாதிக்காது. worldweather.wmo.int பக்கத்துல ஊர் ஊரா ரெண்டும் கொடுத்திருப்பாங்க. ‘இலங்கை’ன்னு தேடினா கொழும்புக் கணக்குதான் வரும். அதை நம்பித் திருகோணமலைக்குத் திட்டம் போடாதே.

சுந்தரம் மாமா: அப்படியே யாலா போய்ச் சிறுத்தையும் பார்த்துடலாமே.

முரளி சித்தப்பா: செப்டம்பர்ல வறட்சிக்காக யாலாவோட முக்கியப் பகுதியைப் பெரும்பாலும் மூடிடுவாங்க மாமா. சிறுத்தைதான் வேணும்னா வேற மாசம், வேற பயணம்.

நித்யா: யானை உறுதியா இருக்குமா? பெரியவன் இப்பவே எண்ண ஆரம்பிச்சுட்டான்.

முரளி சித்தப்பா: உறுதி சொல்ல மாட்டேன். குளத்துல தண்ணி இறங்காத வருஷம் புல்லே வெளிய தெரியாது, யானை கவுடுல்ல பூங்கா பக்கம் போயிடும். அது பக்கத்துலதான். முன்கூட்டி எந்தப் பூங்கான்னு பணம் கட்டாதீங்க. அன்னைக்கு மத்தியானம் ஜீப்காரரைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

நித்யா: எல்லாம் சரி, செப்டம்பர்ல பசங்களுக்குப் பரீட்சை. ஸ்கூல்ல கேக்கணும். முடியலைன்னா ஆகஸ்ட் கூட்டத்துலயே போகணும்.

கார்த்தி: ஆகஸ்ட்னா வாடகை எகிறும். நான் இன்னும் அக்டோபர் முதல் நாலு நாளை விட்டுடல 😐

முரளி சித்தப்பா: முதல் நாலு நாள் தப்பிச்சாலும் தப்பிக்கலாம், இல்லேங்கல. ஆனா பசங்க கடலுக்குன்னு போறதா இருந்தா நான் துணிய மாட்டேன். ரத்து பண்ண முடியற ரூமா செப்டம்பருக்குப் பிடிச்சு வை, நித்யா ஸ்கூல்ல கேட்டுச் சொல்லட்டும்.

வசந்தி அத்தை: நிலாவெளியா பாசிக்குடாவா? பாசிக்குடால ரொம்ப தூரம் நடந்தாலும் இடுப்பளவுதான் தண்ணியாம், சின்னவனுக்கு அதுதானே நல்லது?

முரளி சித்தப்பா: சின்னவனுக்கு அதுதான் நல்லது. ஆனா புறாத்தீவு போய்ப் பவளப்பாறை மேல மீன் பார்க்கணும்னா நிலாவெளி. நித்யா சொல்லட்டும்.