மருந்துக்கடைக்காரர் மழுக்கிய முனை: வந்துபோகும் பாத்திரங்கள், நம் அனுபவங்கள்

வேப்பமரத்தடி

ரொம்ப நாளாக உறுத்துவதை எழுதிவிடுகிறேன். என் கதையில் அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், மகள் நள்ளிரவில் மாத்திரை வாங்கப் போகிறாள். கடைக்காரர் அந்த ஒரு இடத்தோடு சரி. அவருக்கு ஏழு வரி கொடுத்திருந்தேன்: வழுக்கை, கட்டம் போட்ட சட்டை, நூல் கட்டிய கண்ணாடி, அழிந்த விபூதி, வெற்றிலைக் கறை, ரேடியோ. தோழிக்கு வாசித்துக் காட்டினேன். மறுநாள் "மருந்துக்கடைக்காரர் எப்படி இருந்தார்?" என்று கேட்டால், "கடையில ஆள் இருந்தாரா?" என்கிறாள்.

அந்த வாரமே நானும் மாத்திரை வாங்கப் போனேன். பத்து மாத்திரை அட்டை. கையிலிருந்த காசுக்கு ஆறுதான் வரும். கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் கத்தரியால் வெட்டினார். கொடுக்கக் கை நீட்டியவர் நிறுத்தி, வெட்டிய பக்கத்தில் கூராக நின்ற இரண்டு முனைகளையும் நறுக்கிவிட்டு என்னிடம் தந்தார். அவர் முகம் மறந்துவிட்டது. அந்த இரண்டு 'நறுக்' மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

ஏழு வரியையும் அடித்துவிட்டு எழுதினேன்: "ஆறு மாத்திரையை வெட்டியவர், கையைக் குத்தாமல் இருக்க முனைகளை மழுக்கிக் கொடுத்தார்." இப்போது தோழி அவரைப் பற்றித்தான் பேசுகிறாள்.

கூட்ஸ் வண்டி

அதேதான் அக்கா. வர்ணனையே வேண்டாம், ஆளுக்கொரு சைகை போதும். நான் ஒரு டீக்கடைக் காட்சியில் ஐந்து பேருக்கும் கொடுத்தேன். ஒருவர் தொண்டையைச் செருமுவார், ஒருவர் தலையைச் சொறிவார், ஒருவர் மூக்கைத் தேய்ப்பார். அதைப் படித்த மாமா, "அஞ்சு பேரும் ஒரே ஆள் மாதிரி இருக்காங்களே மாப்ள" என்றார். இன்னும் நுணுக்கமாக எழுதியிருந்தால் நின்றிருப்பார்கள் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

பழைய பிழைதிருத்துநர்

தம்பி, நுணுக்கம் போதாது என்பதல்ல அங்கே சிக்கல். செருமுவதும் சொறிவதும் யாருக்கும் பொருந்தும். அந்த ஐந்து பேரில் கதாநாயகனோடு உரசுகிறவர் யார்? அவருக்கு மட்டும் கொடுங்கள். மற்ற நால்வரும் 'டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள்' என்று போகட்டும்.

நானும் இதில் அடிபட்டவன்தான். ஒரு கதையில் கண்டக்டர் வருவார். நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரல் இடுக்கில் செருகியிருந்தார், டிக்கெட்டின் பின்னால் மீதிச் சில்லறையை எழுதித் தந்தார் என்று கவனமாக எழுதினேன். ஒருவர் மனதிலும் நிற்கவில்லை. ஏனென்றால் எல்லாக் கண்டக்டரும் அதைத்தான் செய்வார்கள். அது தொழிலின் சைகை, அவருடையது அல்ல. பிறகு ஒன்றை மட்டும் மாற்றினேன். அழுதுகொண்டிருந்த பெண்ணிடம் டிக்கெட் கொடுக்கும்போது அவர் வாயிலிருந்த விசிலை எடுத்துவிட்டார். அவ்வளவுதான், ஆள் எழுந்து நின்றார். மருந்துக்கடைக்காரர் அட்டையை வெட்டுவது தொழில். முனையை மழுக்குவதை யாரும் அவரிடம் கேட்கவில்லை, அதுவும் வாங்க வந்த மகளின் கைக்காகவே செய்கிறார்.

ஆனால் வேப்பமரத்தடி, 'கையைக் குத்தாமல் இருக்க' என்பதை எடுத்துவிடுங்கள். காரணத்தை நீங்களே சொல்லிவிட்டால் வாசகருக்கு அங்கே வேலையில்லை. நீங்கள் அடித்த ஏழு வரியின் நெரிசலைத்தான் ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1899இல் சக எழுத்தாளர் கார்க்கிக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார்: ஒரு மனிதன் புல்லில் உட்கார்ந்தான் என்றால் உடனே பிடிபடும், அவன் உயரம், மார்பு, தாடி, புல்லின் நிறம் என்று அடுக்கினால் மூளை திணறும்.

இன்னொன்றும் உண்டு. சைகை பலமாக விழுந்தால், வாசகர் அந்த ஆள் திரும்ப வருவார் என்று காத்திருப்பார். என் கண்டக்டரைக் கடைசிப் பக்கம் வரை தேடினார்கள். அதனால் அழுத்தத்தை அளந்து போடுங்கள்: ஒரு வாக்கியம், அதுவும் பத்தியின் நடுவில். பத்தியின் கடைசி வரியில் வைத்தால் மணி அடித்த மாதிரி ஆகிவிடும். அதே சைகையை இரண்டாம் முறை எழுதினால் அது முத்திரையாகிவிடும், ஆள் மறைந்துவிடுவார்.

தையற்கடைப் பேரன்

எனக்கு வேறொரு கேள்வி: இப்படி நிஜ ஆட்களின் சைகையை எடுத்து எழுதலாமா? எங்கள் தெருத் தையற்காரர், வாயில் குண்டூசி இருக்கும்போது யாராவது சாவுச் செய்தி சொன்னால், ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைக் காலரில் குத்திவிட்டுத்தான் "எப்போ?" என்று கேட்பார். ஊரையும் பேரையும் மாற்றி எழுதினேன். அவர் மகன் படித்துவிட்டு, "இது எங்கப்பா" என்று வந்து நின்றான். கோபமா சந்தோஷமா என்று இன்றுவரை தெரியவில்லை.

கூட்ஸ் வண்டி

பேர் மாற்றினால் போதாதா?

பழைய பிழைதிருத்துநர்

போதாது. அந்த ஊசிகள்தான் அவர் பேர்.

வேப்பமரத்தடி

ஐயா சொன்னபடி 'கையைக் குத்தாமல் இருக்க' என்பதை எடுத்துவிட்டு, புதிதாக ஒருவருக்கு வாசித்தேன். "கடைக்காரர் ரொம்பச் சுத்தக்காரர் போல" என்றார். திரும்பச் சேர்த்தால் தட்டையாகிறது. இப்போதைக்கு, முந்தின வரியில் மகளின் விரலில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி ஒன்றை வைத்திருக்கிறேன். நாளைக்கு வேறு யாருக்காவது வாசித்துப் பார்க்க வேண்டும்.